தொழுவம் கழுவிய தண்ணீரை கோபர் கேஸ் தொட்டிக்குள் விடாதீர்கள்

எங்களுடையது நாளுக்கு இரண்டு கன மீட்டர் சாண எரிவாயு தரும் கலன். குழி வெட்டியது, டோம் கட்டியது, முதல் முறை சாணம் நிரப்பியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அப்புறம்தான் தொல்லை. அடுப்பு அரைகுறையாக எரிந்தது. கலனிலிருந்து வெளியே வரும் சாணக் கரைசலான ஸ்லரியில் பச்சைச் சாண வாடை, அதன் மேல் ஈக்கூட்டம்.

பார்க்க வந்த டெக்னீஷியன் கலனைத் திறந்துகூடப் பார்க்காமல், "சாணம் பத்தலை, இன்னும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டோம். இன்னும் மோசமானது.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. "தண்ணி தனியா ஊத்த வேண்டாமே" என்று கொத்தனார் தொழுவத்து வாய்க்காலைச் சாணம் கரைக்கும் தொட்டியோடு இணைத்திருந்தார். நாளுக்கு 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர் என்றால் உள்ளே போவது ஏறக்குறைய 100 லிட்டர். 4,000 லிட்டர் கொள்ளும் கலனில் அது 40 நாள் தங்கும். கழுவும் தண்ணீர் 200 லிட்டர் சேர்ந்தால் 13 நாளிலேயே வெளியே தள்ளப்படும். சாணம் செரிக்க நேரமே இல்லை. போதாததற்கு, தரை கழுவும் பினாயிலும் உள்ளே போய் நுண்ணுயிர்களைக் கெடுக்கும்.

சந்தேகம் இருந்தால் வெளிவரும் ஸ்லரியை ஒரு வாளியில் பிடித்து நிழலில் வையுங்கள். குமிழி விட்டுக்கொண்டே இருந்து, பச்சை வாடையும் அடித்தால் அது சரியாகச் செரிக்கவில்லை. நன்றாகச் செரித்தது கருத்து, அடங்கி, வாடை குறைந்து இருக்கும். ஈயும் அவ்வளவாக அண்டாது.

வாய்க்காலைத் திருப்பிவிட்டதும் வாயு உடனே கூடிவிடவில்லை. நீர்த்த கரைசல் வெளியேறிக் கெட்டியானது நிரம்பும் வரை பொறுக்க வேண்டியிருந்தது. இப்போது கழுவும் தண்ணீர் நேராகப் புல் பாத்திக்குப் போகிறது.

அடுத்த தலைவலி ஸ்லரி. தினமும் உள்ளே போகும் அளவு வெளியே வரும், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயிலில் காயவைப்பது வீண் வேலை: தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மழை வந்தால் முற்றமெல்லாம் சேறு. நாங்கள் வாசல் பக்கம் இரண்டு குழி வெட்டி, சுற்றிலும் வரப்புப் போட்டு, மேலே கூரை வேய்ந்தோம். அடியில் அரை அடிக்கு வைக்கோலும் சருகும் பரப்பி, அது உறிஞ்சும் அளவுக்கே ஸ்லரி விட வேண்டும். அதன் மேல் மறுபடியும் சருகு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கையில் ஈரம் ஒட்டலாம், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் காற்றுப் போகாமல் நாற்றம் கிளம்பும். இன்னும் சருகு போட்டுக் கிளறிவிடுங்கள். சரியாக இருந்தால் சில நாளில் உள்ளே கைவைக்க முடியாத சூடு வரும்.

ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். மக்கி முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். சருகை மட்டும் மழைக்கு முன்பே சேர்த்து வையுங்கள். நனைந்த சருகு எதையும் உறிஞ்சாது.