ட்ரோபோனின் கேள்வியில் எண்ணுக்கு முன் நேரத்தை எழுதுங்கள்

வார்டு தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் ட்ரோபோனின் வந்தால், பலர் "14-க்கு மேல் போனால் மாரடைப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். தேர்வாளர் எதிர்பார்ப்பது அதுவல்ல. வலி எப்போது தொடங்கியது, ரத்தம் எப்போது எடுத்தது என்பதுதான்.

காரணம் இதயத் தசைக்குள் இருக்கிறது. ட்ரோபோனினில் பெரும்பகுதி தசை இழைகளோடு பிணைந்திருக்கும். சிறு பங்குதான் செல் திரவத்தில் தனியே மிதக்கும். ரத்த ஓட்டம் நின்று செல் சவ்வு சிதையும்போது முதலில் கசிவது இந்த மிதக்கும் பங்கு. பிறகு இழைகளே சிதைந்து மீதியை மெதுவாக விடுகின்றன. அதனால்தான் அளவு சில மணி நேரத்தில் ஏறி, 12 முதல் 24 மணிக்குள் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே நிற்கிறது.

இந்தக் கேஸை எழுதிப் பழகுங்கள். பள்ளத்தூரில் 56 வயதுக்காரருக்கு அதிகாலை 4 மணிக்கு நெஞ்சுவலி. 5.15-க்குக் காரைக்குடி மருத்துவமனைக்கு வருகிறார். 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. எஸ்டி உயர்வு இல்லை. (இருந்திருந்தால் ட்ரோபோனினுக்காகக் காத்திருக்கவே கூடாது.) 5.20-க்கு எடுத்த ரத்தத்தில் உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி லிட்டருக்கு 9 நானோகிராம். மேல் வரம்பான 14-க்குக் கீழ்தான். ஆனால் வலி தொடங்கி 80 நிமிடம்தான் ஆகிறது. கசிவு ரத்தத்தில் தெரிய நேரம் போதவில்லை. 6.20-க்கு மறுபடி எடுத்தால் 17. இந்தப் பரிசோதனைக்கு ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஏறினாலே மாரடைப்பை வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். இங்கே 8 ஏறியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தவறியிருக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு முதலில் 46, ஒரு மணியில் 47, மூன்று மணியிலும் 47 என்றால்? வரம்பைத் தாண்டியிருந்தாலும் அசைவில்லை. நாள்பட்ட இதயத் தசைச் சேதம் என்று எழுதலாம்.

நடைமுறையில் அதிகம் கெடுவது வேறிடத்தில். தேவகோட்டை லேபில் ட்ரோபோனின் ஐ பார்த்துவிட்டு, காரைக்குடியில் ட்ரோபோனின் டி பார்த்து இரண்டையும் கழிக்கிறார்கள். இரண்டும் வேறு புரதம், வேறு அளவுகோல். அந்த வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. இரண்டு மாதிரியும் ஒரே கருவியில் ஓட வேண்டும். குறிக்க வேண்டியது ரத்தம் எடுத்த நேரம், ரிப்போர்ட் அச்சான நேரமல்ல.

அசைவில்லாத எண்ணை நம்புவதிலும் ஓர் எல்லை உண்டு. நேற்றே வலித்துவிட்டு இன்று வருபவர் உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பார். ஒரு மணி இடைவெளியில் அவருக்கும் எண் நகராது. அவரிடம் வலியின் நேரத்தைக் கேட்டு, ஈசிஜியை மறுபடி எடுத்து, எக்கோவில் சுவர் அசைவைப் பார்த்த பிறகே "நாள்பட்டது" என்று எழுதுங்கள்.