ஆறு மாத வித்தியாசமும் ஒரு சிறிய விளக்கக் கடிதமும்

கொழும்பு நிறுவனமொன்றில் வேலை உறுதியாகி, நியமனக் கடிதத்திற்காகத் திருகோணமலையில் காத்திருந்த நேரத்தில், அவர்களுடைய மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பின்னணிச் சரிபார்ப்பில் முந்தைய வேலையின் திகதி பொருந்தவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தேவை என்று எழுதியிருந்தார்கள். சுயவிபரக் கோவையில் நான் கொடுத்திருந்த ஆரம்பத் திகதி 11.03.2019. பழைய நிறுவனம் சரிபார்ப்பவர்களுக்குக் கொடுத்த திகதி 11.09.2019. விலகிய திகதியில் பிரச்சினை இல்லை. இரண்டு பக்கமும் 31.07.2022 என்றே இருந்தது.

நான் பொய்த் திகதி கொடுத்தேன் என்று யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் மறுநாள் காலை இரண்டு திகதிகளையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது விடை அங்கேயே இருந்தது. நாள் இரண்டிலும் 11 தான்; மாதம் மட்டும் சரியாக ஆறு தள்ளியிருந்தது. என்னுடைய தகுதிகாண் காலம் ஆறு மாதம். நான் பழைய நிறுவனத்தின் திருகோணமலைக் கிளையில் சேர்ந்த நாளை விட்டுவிட்டு, சேவையில் உறுதிப்படுத்தப்பட்ட நாளைத் தலைமை அலுவலகம் சேர்ந்த நாளாகப் பதிந்து வைத்திருக்கிறது.

திகதி முரண்படும்போது முதலில் வித்தியாசத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது புரிந்தது. தகுதிகாண் காலத்துக்குச் சமமாக இருந்தால், உறுதிப்படுத்திய நாளைச் சேர்ந்த நாளாக எடுத்திருப்பார்கள். மாதத்தின் முதலாம் திகதியில் போய் நின்றால், பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய நாளை எடுத்திருப்பார்கள். விலகிய திகதியில் சில வாரங்கள் இடித்தால், கடைசியாக வேலைக்கு வந்த நாளும் அறிவித்தல் காலம் முடிந்த நாளும் கலந்துபோயிருக்கும். காரணம் தெரியாமல் எழுதும் விளக்கம் வெறும் மறுப்பாகத்தான் இருக்கும்.

பிறகு ஆவணங்களைத் தேடினேன். நியமனக் கடிதத்தில் 11.03.2019 முதல் ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்று தெளிவாக இருந்தது. உறுதிப்படுத்தல் கடிதத்தில் 11.09.2019. இவை இரண்டும் ஒரே நிறுவனத்தின் தலைப்புத் தாளில் இருந்தது பெரிய பலம். வங்கிக் கூற்றில் ஒரு குறை இருந்தது. முதல் மாதச் சம்பளத்தைக் கையில் காசாகத் தந்தார்கள். ஏப்ரல் சம்பளந்தான் மே மாதத்தில் கணக்கிற்கு வந்தது. ஆகவே மார்ச் மாதத்திற்கு நியமனக் கடிதம் மட்டுமே சாட்சி. இருந்தாலும் செப்டம்பருக்கு முன்பே நான் அங்கே சம்பளம் வாங்கினேன் என்பதை நிறுவ அந்தக் கூற்று போதும். சம்பள வரிகளைத் தவிர மற்றவற்றை மறைத்துவிட்டுப் பிரதி எடுத்தேன். என் வீட்டுச் செலவுக் கணக்கு அவர்களுக்குத் தேவையில்லை.

சிக்கலான இடம் ஊழியர் சேமலாப நிதி. என் கணக்கில் பங்களிப்பு 2019 செப்டம்பரிலிருந்துதான் தொடங்குகிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் வேலை தொடங்கிய நாளிலிருந்தே தொழில்கொள்வோர் 12 வீதமும் ஊழியரிடமிருந்து 8 வீதமும் சேர்த்துச் செலுத்த வேண்டும். அந்த நிறுவனம் முதல் ஆறு மாதத்திற்குச் செலுத்தவில்லை. இதைக் கடிதத்தில் சொல்வதா, விடுவதா?

உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா பல வருடம் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவர். நான் எழுதி வைத்திருந்த வரைவை வாசித்துவிட்டு, "தம்பி, அவர்கள் செலுத்தவில்லை என்ற முறைப்பாட்டை இங்கே எழுதாதீர்கள். ஆனால் பங்களிப்பு செப்டம்பரில் தொடங்குகிறது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அதை அவர்கள் பிறகு தாங்களாகக் கண்டுபிடித்தால் இன்னொரு கேள்வி வரும்" என்றார். கடிதத்தைத் தொடங்கும்போது நான் போட்டிருந்த "மன்னிக்கவும்" என்ற சொல்லையும் வெட்டச் சொன்னார். மன்னிப்புடன் தொடங்கும் விளக்கத்தை வாசிப்பவர், தவறு நடந்திருக்கிறது என்ற எண்ணத்துடனேயே மீதியையும் வாசிப்பார் என்பது அவருடைய அனுபவம். முன்னைய முகாமையாளரைப் பற்றிய வரியும் போனது. கடிதத்தில் மிஞ்சியவை இரு திகதிகள், காரணம், சான்று, வேண்டுகோள் மட்டுமே.

நான் ஆங்கிலத்தில் அனுப்பியதன் உள்ளடக்கம் தமிழில் இது:

"பொருள்: முந்தைய சேவை ஆரம்பத் திகதி பற்றிய விளக்கம்.

சுயவிபரக் கோவையில் நான் குறிப்பிட்ட 11.03.2019 நான் வேலையில் சேர்ந்த திகதி. சரிபார்ப்பு அறிக்கையிலுள்ள 11.09.2019, ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்து நான் சேவையில் உறுதிப்படுத்தப்பட்ட திகதி. ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பும் 2019 செப்டம்பரிலிருந்தே பதிவாகியுள்ளது.

நியமனக் கடிதம், உறுதிப்படுத்தல் கடிதம், 2019 மே முதல் ஆகஸ்ட் வரை சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கூற்று ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். மார்ச் மாதச் சம்பளம் காசாக வழங்கப்பட்டது.

இரு திகதிகளையும் குறிப்பிட்டு உறுதிப்படுத்துமாறு முந்தைய நிறுவனத்தையும் கேட்டுள்ளேன். பதில் கிடைத்ததும் அனுப்பிவைப்பேன். மேலதிக ஆவணம் தேவையெனில் அறியத் தரவும்."

இவ்வளவுதான். பழைய நிறுவனம் தவறான தகவல் கொடுத்தது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர்கள் கொடுத்த திகதியும் உண்மையான ஒரு திகதிதான். கேட்கப்பட்ட கேள்விக்கு உரிய திகதி அது இல்லை, அவ்வளவே. இப்படி எழுதும்போது சரிபார்ப்பவர் யார் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்க வேண்டிய அவசியம் வராது. இரண்டு திகதிக்கும் ஆவணம் கையில் இருப்பதால், முரண்பாடு விளக்கப்பட்டது என்று கோப்பை மூடலாம்.

பழைய நிறுவனத்திற்கு எழுதிய மின்னஞ்சல் இன்னும் சிறியது. "திகதியைத் திருத்தித் தாருங்கள்" என்று கேட்டால், தங்கள் பதிவு பிழை என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதற்கு எந்த அலுவலகமும் இலகுவில் இணங்காது. சேர்ந்த திகதி, உறுதிப்படுத்திய திகதி இரண்டையும் காட்டும் சேவைச் சான்றிதழ் ஒன்று தேவை என்று மட்டும் கேட்டு, அவர்களுடைய நியமனக் கடிதத்தின் பிரதியை இணைத்தேன். அவர்களுடைய கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருந்த பெண் என்னை அறியாதவர். நான் வேலை செய்த காலத்தில் அவர் அங்கே இருக்கவுமில்லை. பதில் வரத் தாமதமானபோது, திருகோணமலைக் கிளைக்கு நேரில் போய், அங்கே இன்னும் இருந்த பழைய கணக்காளர் ஐயாவிடம் சொன்னேன். அவர் என் கோப்பிலிருந்த நியமனக் கடிதத்தை வருடி மூலம் எடுத்துத் தலைமை அலுவலகத்திற்கு அனுப்பிய பிறகுதான் சான்றிதழ் வந்தது.

ஆனால் புதிய நிறுவனம் அதற்காகக் காத்திருக்கவில்லை. என் விளக்கத்தையும் இணைப்புகளையும் பார்த்து வேலையை உறுதி செய்துவிட்டது. சான்றிதழ் பின்னர் கோப்பில் சேர்ந்தது. கடிதமே இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்த வழி இவ்வளவு இலகுவாக அமையாது. வங்கிக் கூற்றும் அக்கால மின்னஞ்சல்களும் கிளை மேலாளரின் எழுத்து மூல உறுதியும்தான் அவருக்குத் துணை.

செலுத்தப்படாத ஆறு மாதச் சேமலாப நிதி வேறு விடயம். அதற்குரிய இடம் தொழில் திணைக்களம். புதிய வேலையில் சேர்ந்த பிறகு, அதே நியமனக் கடிதத்தின் இன்னொரு பிரதியுடன் அங்கே முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்; விசாரணை நடக்கிறது.