கணக்கு முடிந்து, ஆடிட்டர் வருமுன்: நான்கு நாள் விடுப்பு கிடைத்த விதம்

அப்பாவுக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை என்று முடிவானபோது ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்புக்கு மூன்று வாரம் இருந்தது. மருத்துவமனை இரண்டு தேதிகளைச் சொன்னது. எங்கள் வழக்கப்படி ஆண்டின் கடைசி நாளுக்குப் பிறகு வரும் வேலை நாட்களை எண்ணினால், ஒன்று 6-ஆம் நாள், இன்னொன்று 17-ஆம் நாள். 8-ஆம் நாள் மாலை லெட்ஜரை லாக் செய்வோம், அதன்பின் பழைய ஆண்டில் என்ட்ரி போட முடியாது. 15-ஆம் நாள் காலை ஆடிட்டர்கள் வந்து உட்காருவார்கள்.

என் பொறுப்பில் இருந்தவை ஆறு வங்கிக் கணக்குகளை எங்கள் லெட்ஜரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ரீகன்சிலியேஷனும், பில் இன்னும் வராத செலவுகளுக்கு அந்த ஆண்டிலேயே தொகை எழுதி வைக்கும் ப்ரொவிஷனும். 6-ஆம் நாள் நடக்காது என்பது பார்த்ததுமே தெரிந்தது. 17-ஆம் நாள் சரியாக வரும், கணக்குதான் முடிந்துவிட்டதே என்று நினைத்தேன். மேலாளரை நடைபாதையில் பார்த்தபோது, "மேடம், அடுத்த மாசம் ஒரு நாலு நாள் லீவு வேணும், அப்பாவுக்கு ஆபரேஷன்" என்றேன். "அப்பாவைப் பார்த்துக்கோங்க. தேதியைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன்.

என் ரீகன்சிலியேஷனைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் மூத்த சகாதான் கண்ணைத் திறந்தார். "17-ஆ? போன வருஷம் முதல் வாரம் யார் யாரைத் தேடினாங்கன்னு நினைச்சுப் பாருங்க" என்றார். நினைத்துப் பார்த்தேன். ஆடிட்டர்கள் முதல் இரண்டு மூன்று நாளில் சில என்ட்ரிகளைச் சாம்பிளாக எடுப்பார்கள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் இன்வாய்ஸ், ஒப்புதல், பணம் போனதற்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். கொடுத்த ஆதாரத்திலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விகளுக்கு, என்ட்ரியைப் போட்டவரைத் தவிர வேறு யாரும் உடனே பதில் சொல்ல முடியாது. கணக்கு முடிப்பில் வேலைதான் அதிகம். அதில் கொஞ்சத்தையாவது இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆடிட்டின் முதல் வாரத்தில் தேவைப்படுவது என் நினைவு. அதை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது?

லெட்ஜர் லாக் ஆன பிறகு, ஆடிட்டர்கள் வருவதற்கு முன், நடுவில் ஆறு நாள் இருந்தது. ஆடிட்டர்கள் முன்கூட்டியே அனுப்பும் ஆவணப் பட்டியலைத் தயார் செய்யும் நாட்கள் அவை. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஒவ்வொரு வருஷமும் அதேதான் என்பதால், என் பங்கை முன்பே முடித்து வைக்க முடியும். மருத்துவரிடம் போய், "இந்த ஆபரேஷனைச் சில நாள் முன்னே பின்னே செய்தால் அப்பாவுக்கு ஏதாவது பாதிப்பா?" என்று நேரடியாகக் கேட்டேன். அவசர அறுவை இல்லை, தாராளமாக மாற்றலாம் என்றார். 10-ஆம் நாள் கிடைத்தது. அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் 6-ஆம் நாளாக இருந்தாலும் போயிருப்பேன், விடுப்பையும் அப்படியே கேட்டிருப்பேன்.

அதன்பிறகுதான் மின்னஞ்சல் எழுதினேன். அதன் சாரம் இது:

"அப்பாவுக்கு 10-ஆம் வேலை நாள் அறுவை சிகிச்சை. உடனிருக்க வேறு ஆள் இல்லை. 10 முதல் 13 வரை விடுப்பு வேண்டும், 14-ஆம் நாள் காலை வந்துவிடுவேன். மருத்துவமனை முதலில் தந்த தேதிகள் 6, 17. கணக்கு முடிப்பையும் ஆடிட் முதல் வாரத்தையும் தவிர்க்க இந்தத் தேதியைக் கேட்டு வாங்கினேன். ஆறு வங்கிகளின் ரீகன்சிலியேஷனும் ஆவணப் பட்டியலில் என் பங்கும் 9-ஆம் நாள் மாலைக்குள் முடிந்திருக்கும். தேதி மாறினால் 9-ஆம் நாள் மதியத்துக்குள் தெரிவிக்கிறேன்."

நோயின் விவரமோ நான் எவ்வளவு உழைக்கிறேன் என்பதோ அதில் இல்லை. விடுப்புக்கு ஒரு வரிக் காரணம் போதும் என்பதே என் எண்ணம். மேலாளரின் கவலை காரணத்தைப் பற்றியது அல்ல, அந்த நான்கு நாளில் எது நின்றுபோகும் என்பதைப் பற்றியது. அதற்கு விடை இருந்தால் அவர் தன் மேலிடத்திலும் பதில் சொல்ல முடியும்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். தேதியைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "உங்க வேலையை யார் பார்ப்பாங்க?" என்றார். மூத்த சகாவின் பெயரைச் சொன்னேன். "அவர்தானே உங்க வேலையைச் சரிபார்க்கிறவர்? அவரே என்ட்ரி போட்டா யார் சரிபார்ப்பாங்க?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. தயாரிப்பவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் ஆடிட்டர்கள் அதையே ஒரு குறையாக எழுதுவார்கள். எனவே அந்த நான்கு நாளும் சப்ளையர் பில்களைப் பார்க்கும் இளைய சகா தயாரிப்பது, மூத்தவர் வழக்கம்போல் சரிபார்ப்பது என்று மாற்றினோம். இளையவருக்கு என் திரைகளுக்கான அனுமதி கிடையாது. என் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவது சுலபம்தான், ஆனால் நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என் பெயரில் என்ட்ரி விழும். முறைப்படி தற்காலிக அனுமதி கேட்டோம். 13-ஆம் நாளோடு அது தானாக முடியும்படி வைத்தார்கள். அதற்கே மூன்று நாள் பிடித்தது. கடைசி நேரத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ஒப்படைப்புக் குறிப்பில் ஒவ்வொரு வங்கியிலும் நாம் கொடுத்து இன்னும் பாஸ் ஆகாத காசோலைகளையும், ஏன் நிற்கின்றன என்பதையும் எழுதினேன். ப்ரொவிஷன் ஒவ்வொன்றுக்கும் அந்தத் தொகை எப்படி வந்தது, அதற்கு ஆதாரமான பர்ச்சேஸ் ஆர்டரோ பழைய பில்லோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் எழுதினேன். இரண்டரைப் பக்கம் வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. 14-ஆம் நாள் காலை என் மேஜையில் ஓர் இன்வாய்ஸ் இருந்தது. ஓர் ஆலோசனை நிறுவனம் அனுப்பியது, 12-ஆம் நாள் வந்திருக்கிறது. பில் தேதி புது ஆண்டு. வேலை நடந்தது பழைய ஆண்டின் கடைசி மாதத்தில். லெட்ஜர் லாக் ஆகிவிட்டதே, புது ஆண்டில்தான் போகும் என்று நினைத்து இளையவர் எடுத்து வைத்திருந்தார். என் பட்டியலில் அதற்கு ப்ரொவிஷன் இல்லை. அந்த வேலை நடந்ததை அந்தத் துறை எங்களிடம் சொல்லவே இல்லை.

தவறு அவருடையது அல்ல. கையில் இருந்தவற்றை எல்லாம் எழுதினேனே தவிர, புதிதாக எது வரலாம், வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. "லாக் ஆன பின் வரும் பில்லில் பார்க்க வேண்டியது பில் தேதி அல்ல, வேலை நடந்த தேதி; பழைய ஆண்டு என்றால் அன்றே மேலாளரிடம் கொண்டு போகவும்" என்று எழுதியிருந்தால் போதும். ஆண்டு முடிந்த பிறகு வந்த பில்களையும் போன பணத்தையும் பின்னோக்கிப் பார்த்து, பழைய ஆண்டின் கணக்கில் எழுதாமல் விடுபட்ட பாக்கி உண்டா என்று தேடுவது ஆடிட்டர்கள் தவறாமல் செய்யும் சோதனை.

மேலாளரிடம் இன்வாய்ஸோடு போனேன். தொகை சின்னதல்ல. லெட்ஜரைத் திறக்க அவரே எழுத்தில் ஒப்புதல் தந்தார். அன்று மாலை நான் என்ட்ரி போட, மூத்தவர் சரிபார்த்தார். தாமதத்துக்கான காரணத்தை ஒரு குறிப்பாக எழுதி இணைத்தேன்.

16-ஆம் நாள் ஆடிட்டர் தந்த முதல் சாம்பிள் பட்டியலில் அந்த இன்வாய்ஸ் இருந்தது. ஃபோல்டரைக் கொடுத்தேன். என்ட்ரியையும் ஒப்புதலையும் குறிப்பையும் படித்துவிட்டு, "துறையிலிருந்து இந்தத் தகவல் இனி எப்படி வரும்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அந்தத் துறையின் தலைவரையும் உட்கார வைத்துக்கொண்டு பதில் சொன்னோம்.