மருமகனைக் கராஜில் பயிலுநராகச் சேர்த்தபோது

ஹட்டனுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறிய கராஜ் இருக்கிறது. லொறி, வேன், முச்சக்கர வண்டி என்று எது வந்தாலும் பார்ப்போம். ஆனால் பாதிக்கு மேல் பிரேக் வேலைதான். கினிகத்தேனைப் பக்கம் இறங்கி ஏறும் வண்டிகளுக்கு லைனர் சீக்கிரம் தேய்ந்துவிடும்; மலையில் கராஜ் வைத்திருப்பவனுக்கு அதுதான் சோறு.

அக்காவின் மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக வீட்டில் இருந்தான். தோட்டத்துப் பிள்ளைகள் கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கொழும்பில் ஒரு கடைக்கு ஆள் தேவை என்று யாராவது வருவார்கள், பையன் போய்விடுவான், பெறுபேறு வந்த பிறகும் திரும்ப மாட்டான். அதற்குப் பயந்து அக்கா கேட்டாள்: "தம்பி, அவனை நீயே வைத்துக்கொள். கூலி வேண்டாம், தொழில் மட்டும் பழகட்டும்."

கூலி வேண்டாம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் சேர்க்கிற பையன் எத்தனை வருடம் ஆனாலும் எடுபிடியாகவே இருப்பான். நானும் அப்படித்தான் பழகினேன். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் பல வருடம் ஓட்டி, பின்னால்தான் வேலை அனுபவத்தை வைத்துப் பரீட்சித்துத் தரும் முறையில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுத்தேன். ஆகவே தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் பதிவு செய்து முறைப்படி எடுக்கலாம் என்றேன்.

அங்கே முதலில் பார்ப்பது வயதை. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது முன்பு 14 ஆக இருந்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தி 16 ஆக்கிவிட்டார்கள். கட்டாயக் கல்வி வயது அதற்கு முன்பே 16 ஆகிவிட்டதால், இப்போது இரண்டுக்கும் நடுவில் சந்து இல்லை. பையனுக்கு 16 முடிந்திருந்தது. ஆனால் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரி. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதைச் சரிப்படுத்த அக்கா பிரதேச செயலகத்துக்கு அலைந்ததுதான் மொத்தக் காரியத்திலும் அதிக நாள் இழுத்தது. பிள்ளைக்கு 15 வயது ஆகும்போதே, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் கையோடு, இந்தப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மற்றப் படிவங்கள் சிரமமில்லை. தொழில் கொடுப்பவர், பயிலுநர், பெற்றோர், அதிகாரசபை எல்லோரையும் பிணைக்கிற ஓர் ஒப்பந்தம். பையன் என்ன கற்றான் என்று எழுதிவர ஒரு பயிற்சிப் பதிவேடு. அதன் பிறகு கராஜைப் பார்க்க ஓர் அலுவலர் வந்தார். உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

16 வயது வாசலைத் திறக்கிறதே தவிர, உள்ளே இருக்கும் எல்லா வேலையையும் திறப்பதில்லை. அபாயகரமான தொழில்களுக்கு எல்லை 18. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தல் சட்டத்தின் கீழ் 2010இல் 51 தொழில்களை அப்படிப் பட்டியலிட்டார்கள். இந்த மாதிரிப் பட்டியல்களின் அடிப்படை சர்வதேச தொழில் அமைப்பின் 182ஆம் சமவாயம். இலங்கை 2001இல் அதை ஏற்றுக்கொண்டது. அதனோடு வந்த பரிந்துரை எவற்றைக் கவனிக்கச் சொல்கிறது என்று அலுவலர் பொறுமையாகச் சொன்னார்: ஆபத்தான இயந்திரமும் கருவியும், பாரம் தூக்குவது, நஞ்சும் தூசியும் இரைச்சலும் உள்ள இடம், உயரமும் அடைபட்ட இடமும், நீண்ட நேர வேலையும் இரவு வேலையும்.

கேட்டுக்கொண்டே என் கராஜை ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

"அப்படியானால் பையன் எதைத்தான் தொடுவது ஐயா?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பிரேக் வேலையைக் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணன். அந்த வேலைக்குள் எந்தத் துண்டு ஆபத்து என்று பிரித்துக் காட்டுங்கள்" என்றார்.

அப்படியே பிரித்தோம். ஒரு லொறியின் பின்சக்கரப் பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்குவது, சக்கரம் கழற்றுவது, டிரம்மை இழுப்பது, உள்ளே இருக்கும் தூசியை எடுப்பது, ஷூவைக் கழற்றி லைனர் மாற்றுவது, திரும்பப் பூட்டுவது, இடைவெளி சரிசெய்வது, பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியே எடுப்பது. இவற்றில் கடைசி நான்கும்தான் கைநுணுக்கம் வேண்டிய தொழில். முன்னால் இருப்பவையே ஆளை முடமாக்குபவை. ஆனால் எல்லாக் கராஜிலும் சின்னப் பையனிடம் முதலில் கொடுப்பது அந்த முன்பகுதியைத்தான். பெரிய பாஸ் வந்து பின்பகுதியைச் செய்வார். நாங்கள் இதைத் தலைகீழாக மாற்றினோம்.

தூக்குவதும் தாங்குகட்டை வைப்பதும் என் வேலை, அல்லது என்னிடம் இருக்கும் மூத்த பையனின் வேலை. கட்டை வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகுதான் மருமகன் கிட்டே வரலாம். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்குக் கீழே அவன் தலை போகக்கூடாது. எங்கள் தரை சாய்வு. ஜாக்கி வழுக்க அதுவே போதும். லொறிச் சக்கரம் டயரோடு ஐம்பது கிலோ அளவு வரும், அதைத் தனியாகப் புரட்டக்கூடாது. டயரைப் பிடித்து நிறுத்த இரும்பு வளையம் போட்ட ரிம்மில் காற்றடிப்பதை அவனுக்கு முழுவதுமாக மறித்துவிட்டேன். வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பறந்துவந்து அடிக்கும், அடிபட்டவன் பெரும்பாலும் எழுந்திருப்பதில்லை.

இவை கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள். சொன்னால் பையன் கேட்பான். தூசிதான் சிக்கல்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் போல் படிந்திருக்கும். கொம்பிரசர் குழாயைப் பிடித்து ஒரு ஊது ஊதினால் நொடியில் சுத்தமாகிவிடும். ஊர் முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் லைனரில் அஸ்பெஸ்டஸ் என்ற கல்நார் கலந்திருக்கலாம். புதிதாக வாங்கும் பெட்டியில் அஸ்பெஸ்டஸ் இல்லாதது என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்கலாம். வண்டியோடு வரும் பழைய லைனரில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்லவே முடியாது, ஆகையால் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நார் நுரையீரலில் போய்த் தங்கினால் உடனே இருமல்கூட வராது. நுரையீரல் இறுகிப்போவதும் புற்றுநோயும் பெரும்பாலும் 20, 30, 40 வருடம் கழித்தே தெரியும். ஐம்பது வயதில் தூசி சுவாசிக்கத் தொடங்கியவனுக்கு நோய் வெளிவருவதற்குள் வேறு ஏதாவது வந்துவிடலாம். 16 வயதில் தொடங்குகிறவனுக்கு அந்த 40 வருடமும் முன்னால் கிடக்கிறது. இந்த இடத்தில்தான் அலுவலர் சொன்னது எனக்கு முழுவதும் விளங்கியது.

அதனால் பிரேக்குக்குக் காற்றுக் குழாய் கிடையாது என்று எல்லோருக்கும் சேர்த்தே நிறுத்தினேன். பையனுக்கு மட்டும் தடைபோட்டு, பக்கத்துச் சக்கரத்தில் நானே ஊதினால் என்ன பிரயோசனம்? இப்போது டிரம்மை இழுத்ததும் கீழே ஒரு தட்டு வைத்து, சவர்க்காரத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து எடுக்கிறோம். பலமாகத் தண்ணீர் பீய்ச்சினாலும் தூசி தெறிக்கும், ஆகவே நனைக்க மட்டும்தான். துணியை ஈரமாகவே பையில் கட்டிவிடுவோம். உலர்ந்த துடைப்பத்தால் தரையைக் கூட்டுவதும் நின்றுவிட்டது. நனைத்துத் துடைக்கும் வேலை என்னுடையது; அது முடிந்த பிறகே மருமகன் ஷூவைத் தொடுவான். அடுப்படியில் சமைக்கப் போடும் துணி முகமூடியை அவன் அக்கா தைத்துக் கொடுத்திருந்தாள். அன்பாகத் தந்தாள், ஆனால் நாருக்கு அது வடிகட்டி அல்ல.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மாலையில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைக் கிடையாகப் பிடியுங்கள். ஒளிக்கற்றையில் பொடி மிதந்தால் யாரோ ஊதியிருக்கிறார்கள். பொடி தெரியாவிட்டால் நார் இல்லை என்று ஆகாது, அவ்வளவு நுண்ணியது அது. ஆனால் ஊதியவனைப் பிடிக்க இது போதும். மேல்சட்டையைக் கராஜிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா வீடு லயத்தில் இருக்கிறது. அந்த ஒரே அறையில் தூசிச் சட்டையை உதறினால் எல்லோரும் சேர்ந்தல்லவா சுவாசிக்க வேண்டும்?

பெயிண்ட் வேலையில் பேச்சுக்கே இடமில்லை. ஹார்ட்னர் கலந்து விசிறும் பெயிண்டில் ஐசோசயனேற்று என்ற இரசாயனம் இருக்கிறது. ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும், தொழிலையே விட வேண்டியதுதான். எங்கள் பக்கம் மழைக்கும் குளிருக்கும் பயந்து கதவை அடைத்துக்கொண்டு விசிறுவார்கள், இரட்டிப்புக் கேடு. நான் அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுகிறேன்.

நேரத்தில்தான் அதிகச் சண்டை வந்தது. சண்டை போட்டவன் மருமகனேதான். மரக்கறி லொறிகள் இரவில் ஓடுகிறவை, மாலையில் வந்து விடியுமுன் வேண்டும் என்பார்கள். இரவு வேலையில் கையில் காசும் கிடைக்கும். "எனக்குத் தூக்கம் வராது மாமா, நான் நிற்கிறேன்" என்பான். ஒப்பந்தத்தின் பிரதியைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். லொறிக்காரர் முறுக்கினால் விரலால் அதைக் காட்டுவேன், பையன் முறுக்கினால் அவன் அம்மாவுக்கு அழைப்பேன். இரண்டும் வேலை செய்கின்றன. ஒரு லொறிக்காரர் வேறு கராஜுக்குப் போய்விட்டார். போகட்டும்.

பதிவேட்டில் இப்போது காற்றெடுப்பதும் இடைவெளி சரிசெய்வதும் அவன் பெயரில் கையெழுத்தாகியிருக்கின்றன. அவன் வயதில் என்னை அந்த இரண்டுக்கும் கிட்டேயே விடவில்லை. தூசி ஊதத்தான் விட்டார்கள்.

இன்னொரு தலைவலி அவன் தம்பி. 14 வயது. பாடசாலை விடுமுறையில் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்து, ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினான். குடும்பத்துக் கராஜ்தானே என்று அக்காவும் சிரித்தாள். அவனுக்கு இது வேலைசெய்யும் வயதே இல்லை என்றேன். வாசலோரம் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். சாப்பாட்டைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் வைத்துவிட்டு, நான்கு மணி பஸ்ஸுக்கு முன் அவன் கிளம்பிவிட வேண்டும்.