ஃபால்ட் கோடின் முதல் எழுத்து: P, B, C, U வைவாவில் கேட்டால்

ஐடிஐ மோட்டார் வண்டி மெக்கானிக் டிரேடிலும் ஆட்டோமொபைல் டிப்ளமோவிலும் செய்முறைத் தேர்வில் ஸ்கேனரைக் கையில் கொடுத்துவிட்டு, "முதல் எழுத்து என்ன சொல்கிறது?" என்று கேட்பார்கள். P என்றால் பவர்டிரெயின், B என்றால் பாடி, C என்றால் சேஸிஸ், U என்றால் நெட்வொர்க் என்று ஒப்பித்தால் பாதி மதிப்பெண் வரும். மீதிப் பாதி அடுத்த கேள்வியில் இருக்கிறது: "அப்படியென்றால் ஏர்பேக் எதில் வரும்?"

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஏர்பேக் பாதுகாப்புச் சாதனம், ஏபிஎஸ்ஸும் பாதுகாப்புச் சாதனம், அதனால் இரண்டும் ஒரே குழு என்று நினைத்துவிடுவார்கள். ஏர்பேக், சீட் பெல்ட், கதவுப் பூட்டு, கேபின் ஏசி போன்றவை வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரைச் சார்ந்தவை, அவை B. ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் போன்றவை வண்டி தரையில் ஓடுவதையும் நிற்பதையும் திரும்புவதையும் சார்ந்தவை, அவை C. P என்பது என்ஜின் மட்டுமல்ல, கியர்பாக்ஸும் சேர்ந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கோளாறான P0700-உம் P-தான், ஹைபிரிட் வண்டியின் பேட்டரி பேக்கைச் சொல்லும் P0A80-உம் P-தான். U மட்டும் நெட்வொர்க் என்ற சொல்லின் முதலெழுத்து இல்லை. அதனாலேயே சிலர் C-யை 'கம்யூனிகேஷன்' என்று எழுதிவிட்டு வருகிறார்கள். U-வைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துக்கு அடுத்த எண்ணையும் சேர்த்தே படியுங்கள். 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான அர்த்தம். 1 என்றால் அந்தக் கம்பெனி தானே வைத்த அர்த்தம். P0301 எந்த வண்டியிலும் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர்தான். ஆனால் P1 என்று தொடங்கும் கோடுக்கு ஒரு கம்பெனியின் பட்டியலை வைத்து இன்னொரு கம்பெனி வண்டியைப் பார்த்தால் தவறான பாகத்தைக் கழற்றுவீர்கள்.

ஈசியு 'P' என்ற எழுத்தை அனுப்புவதில்லை என்பதும் நல்ல வைவா கேள்வி. ஒவ்வொரு கோடும் இரண்டு பைட்டாக வருகிறது. எழுத்தாக மாற்றிக் காட்டுவது ஸ்கேனர். ஹெக்ஸில் முதல் இலக்கம் 0 முதல் 3 வரை இருந்தால் P, 4 முதல் 7 வரை C, 8 முதல் B வரை B, C முதல் F வரை U. கேன் நெட்வொர்க் உள்ள வண்டியில் 03 என்று அனுப்பிக் கோடு கேட்டால் பதில் இப்படி இருக்கும்:

```
>03
43 02 03 01 C1 21
```

43 என்பது பதிலின் அடையாளம், 02 என்பது எத்தனை கோடு என்பது. 03 01 என்றால் P0301. C1 21 என்றால் U0121. முதல் இலக்கம் C என்றிருப்பதைப் பார்த்து அதைச் சேஸிஸ் கோடு என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே C வெறும் ஹெக்ஸ் எண்.

இனி முக்கியமான விஷயம். எந்தக் குழுவில் கோளாறு என்பதைத்தான் எழுத்து சொல்லும். அந்தக் கோடு எந்த ஈசியுவில் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்லாது. U கோடில் இந்த வித்தியாசம் தலைகீழாகத் தெரியும். U0121 என்றால் 'ஏபிஎஸ் ஈசியுவோடு தொடர்பு இல்லை'. அதை எழுதி வைத்திருப்பது ஏபிஎஸ் அல்ல. அதன் குரல் கேட்காமல் போன மற்றவர்கள்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஏபிஎஸ் லைட்டும் செக் என்ஜின் லைட்டும் எரிகின்றன, ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஸ்கேன் செய்தால் என்ஜினில் P0500-உம் U0121-உம், மீட்டர் போர்டில் U0121, ஸ்டியரிங்கில் U0121. ஏபிஎஸ்ஸைத் திறந்தால் பதிலே இல்லை. P0500 என்பது வேக சென்சார் கோளாறு என்பதால் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. இப்படிப்பட்ட வண்டியில் என்ஜினுக்கு வேகத்தைச் சொல்வதே ஏபிஎஸ்தான். அது பேசாதபோது என்ஜினுக்கு வேகம் வரவில்லை, அதனால் P0500. ஆக P இங்கே விளைவு, காரணத்தைக் காட்டுவது U.

கேன் லைனே அறுந்திருக்குமா? ஸ்டியரிங்கும் மீட்டரும் என்ஜினும் ஸ்கேனரோடு பேசுகின்றன, எனவே பொது லைன் உயிரோடுதான் இருக்கிறது. உறுதிப்படுத்த வேண்டுமானால் இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இணையாக இருப்பதால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரு வயரும் ஒன்றோடொன்று தொட்டிருக்கின்றன.

60 இருந்தால் அடுத்து ஏபிஎஸ் யூனிட்டின் சப்ளையும் எர்த்தும். ஏபிஎஸ்ஸுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபியூஸ் இருக்கும். பம்ப் மோட்டாருக்கு ஒன்று, ஈசியுவுக்கு வேறொன்று. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'ஃபியூஸ் ஓகே' என்று எழுதக்கூடாது. பேட்டரியை மாட்டி, கப்ளரைக் கழற்றி இக்னிஷனை ஆன் செய்து மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டலாம். அதை நம்ப வேண்டாம். துருப்பிடித்து ஒரே இழை மிஞ்சிய வயரிலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டையே இழுப்பதில்லை. 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வயரிங் படத்தில் காட்டிய சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மாட்டுங்கள். பல்பின் வயரைப் பின்னுக்குள் திணித்து டெர்மினலை விரித்துவிடாமல் மெல்லிய முனையைப் பயன்படுத்துங்கள். பல்பு மங்கலாக எரிகிறதா? எர்த் பக்கத்து வயரை எடுத்து நேராகப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில். அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயிண்ட்டையும் சுரண்டி, இறுக்கி, கப்ளரைத் திரும்ப மாட்டினால் ஏபிஎஸ் பேச ஆரம்பிக்கும்.

(இந்தப் பல்பு வேலை B குழுவில் ஏர்பேக் பக்கம் கூடவே கூடாது. ஏர்பேக் வயரில் பல்போ ஓம் மீட்டரோ வைத்தால் பை வெடித்துவிடக்கூடும். அங்கே முதலில் பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்.)

ஏபிஎஸ் பேச ஆரம்பித்த பிறகு எல்லா ஈசியுவிலும் கோடுகளை அழித்து, வண்டியை ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். P0500-உம் U0121-உம் திரும்பக்கூடாது. ஆனால் அப்போது ஏபிஎஸ்ஸில் C0035, அதாவது இடது முன்சக்கர வேக சென்சார் கோடு, புதிதாகத் தெரிந்தால் நீங்கள் எதையோ கெடுத்துவிட்டதாகப் பதற வேண்டாம். அந்தச் சென்சார் முன்பே கெட்டிருக்கலாம். இதுவரை ஏபிஎஸ்ஸால் அதைச் சொல்ல முடியவில்லை.