‘தண்ணீர்ப் பிரச்சினை’ என்பது குறியீடு அல்ல

பென்னாகரம் பக்கம் எடுத்த பேட்டிகளுக்கு இரண்டு நாளாகக் குறியீடு போடுகிறேன்; அதாவது, அவர்கள் சொன்னதன் சாரத்தைச் சின்னச் சின்னத் தொடர்களாக ஓரத்தில் எழுதுகிறேன். ஒரு அக்கா சொன்னது: "ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னைக்கு நான் கூலிக்குப் போறதில்ல."

முதலில் ஓரத்தில் ‘தண்ணீர்ப் பிரச்சினை’ என்று எழுதினேன். அது வெறும் தலைப்பு. பேட்டியை மூடிவிட்டு அதை மட்டும் படித்தால் அவர் என்ன சொன்னார் என்றே தெரியாது. அடித்துவிட்டு ‘தண்ணீருக்காகக் கூலியை விடுதல்’ என்று மாற்றினேன். இன்னொரு பேட்டியில் ‘குடம் பிடிக்க மகளின் பள்ளியை நிறுத்துதல்’ வந்தது. இரண்டையும் சேர்த்தபோது ஒரு கருப்பொருள் தெரிந்தது: தண்ணீருக்குப் பெண்கள் தங்கள் நாளைக் கொடுக்கிறார்கள்.

அப்புறம் ஏழாவது பேட்டி. அங்கே காத்திருந்து பிடிப்பவர் ஒரு தாத்தா. அவரை ஒதுக்க மனசு வரவில்லை. ‘பெண்கள்’ என்பதை எடுத்துவிட்டு, ‘வீட்டில் யாருடைய நேரம் மலிவாகக் கருதப்படுகிறதோ அவர்கள்’ என்று எழுதி, எல்லாப் பேட்டிகளையும் மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன்.