கடை மாறிய ஆடியும் முன்பதிவு டைரியும்

தர்மபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் மாடியில் நடத்திவந்த எங்கள் பெண்கள் பார்லரை, கட்டட உரிமையாளர் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னதால், நேதாஜி பைபாஸ் சாலைப் பக்கம் ஒரு தரைத்தளக் கடைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நாற்காலி, கண்ணாடி, ஸ்டீமர் எல்லாம் ஒரு மினி லாரியில் அடங்கிவிடும். டைரியில் எழுதியிருந்த பெயர்களை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் சிக்கல் வந்தது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் மணப்பெண் அலங்கார வேலை குறைவு; இடம் மாறுவதற்கு அதைவிட வசதியான காலம் எங்கள் தொழிலில் கிடையாது. ஆனால் ஆடியில் புதுக்கடை திறப்பதை வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை. முடிவில் ஆனியிலேயே அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். குழாய், வயரிங் வேலைகளை ஆடியின் முதல் பாதியில் முடித்து, ஒகேனக்கல்லுக்கு ஊரே திரளும் ஆடிப்பெருக்கு அன்று பால் காய்ச்சுவது என்று என் மாமியார் சம்மதத்தோடு நாள் குறித்தோம். அதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் கடை அடைப்பு. இரண்டு இடத்துக்கும் ஒரு மாத வாடகை சேர்ந்து விழுந்தது. அந்தச் செலவை ஏற்காமல் இருந்திருந்தால் அடைப்பு இரண்டு வாரமாக நீண்டிருக்கும். ஐப்ரோவுக்கு வருகிறவர்கள் அதற்குள் வேறொருவரிடம் பழகிவிடுவார்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தியை அனுப்பிவிட்டால் போதும் என்று பலர் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். சேராதவர்களுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும், அல்லது போன் செய்ய வேண்டும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பெண்ணும் அடுத்து எப்போது வருவாள் என்பது. தலைமுடிச் சாயத்துக்கு வருகிறவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் வேர்ப்பகுதியில் நரை தெரியத் தொடங்கும். ஐப்ரோவுக்கு இரண்டு மூன்று வாரம். ஃபேஷியலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். ஆனிக் கடைசியில் சாயம் பூசிச் சென்றவரின் அடுத்த வருகை புதுக்கடையில்தான் என்பது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. ஆகவே அவர் எழுந்து போகும் முன், கண்ணாடி முன்பாகவே அடுத்த தேதியைக் குறித்து, புது முகவரி அச்சடித்த அட்டையில் அந்தத் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையில் கொடுத்தோம். தேதி இல்லாத முகவரி அட்டை கைப்பையின் அடியில் கிடக்கும். தேதி எழுதிய அட்டையை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கமாக வர வேண்டும், ஸ்கூட்டியை எங்கே நிறுத்தலாம், கடை தரைத்தளம், மாடி ஏற வேண்டியதில்லை என்பவற்றை முதலில் போட்டோம். முழங்கால் வலியால் மாடிப்படிக்குப் பயந்து வருவதைக் குறைத்திருந்த ஓர் ஆசிரியை, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, "இனிமே மாசாமாசம் வந்துடுறேன் கண்ணு" என்றார். கூகுள் மேப்பில் புதிதாக ஒரு பதிவு தொடங்காமல், இருக்கும் பதிவிலேயே முகவரியைத் திருத்தினோம். அப்படிச் செய்தால்தான் பழைய மதிப்புரைகள் கூடவே வரும். முகவரியை மாற்றினால் கடையை வீடியோ எடுத்து மறுபடி உறுதிப்படுத்தும்படி கேட்கக்கூடும் என்பதால், புதுக்கடையில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகே அதில் கைவைத்தோம்.

டைரியில் தேதிகளை நகர்த்தும்போது மிகுந்த கவனம் கேட்டவை முடியை நேராக்கும் வேலைகள்தான். நாங்கள் பயன்படுத்தும் ஸ்ட்ரெயிட்னிங் முறையில் மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது. அதன்பின் முதல் அலசலுக்கு எங்களிடமே வர வேண்டும். அந்த அலசல் அடைப்பு நாட்களில் விழுமானால் அவர் தானே வீட்டில் அலசிக்கொள்வார், முடி சரியாக அமையாவிட்டால் பழி எங்களுக்கு வரும். அதனால் அடைப்புக்கு முந்தைய நாட்களில் அந்த வேலையையே எடுக்கவில்லை. புதுக்கடையின் முதல் வாரத்திலும் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட மாவட்டம் இது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். புதுக்கடைக்குக் குடிநீர்க் குழாய் இருந்தாலும் மேல்தொட்டியில் போர்த் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள். ஷாம்பு சரியாக நுரைக்காததையும், உலர்ந்த முடி நாரைப்போல் தொடுவதையும் எங்கள் இருவர் தலையிலேயே அலசிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அலசும் பேசினுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு தொட்டி வைத்து அதில் குடிநீரைப் பிடித்த பிறகே, சாயமும் ஸ்ட்ரெயிட்னிங்கும் தொடங்கின. அதுவரை முதல் வாரம் முழுக்க ஐப்ரோ, ஃபேஷியல், முடி வெட்டுதல் மட்டும்.

பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு மணப்பெண்ணின் பதிவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அட்வான்ஸ் ரசீதில் இருந்ததோ பழைய முகவரி. அலங்காரம் மண்டபத்தில் என்பதால் அதில் சிக்கல் இல்லை. அதற்கு முன் அவளுக்கு இரண்டு ஃபேஷியலும் ஒரு ஒத்திகை அலங்காரமும் இருந்தன. ஒன்று சரியாக அடைப்பு நாளில் விழுந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்குள் புது ஃபேஷியல் செய்வதை நான் ஏற்பதில்லை, சருமம் சிவந்தாலோ பரு எழும்பினாலோ ஆறுவதற்கு நாள் வேண்டும். ஆகவே முதல் ஃபேஷியலை முன்னுக்கு இழுத்துப் பழைய கடையிலும், இரண்டாவதை ஒத்திகையோடு சேர்த்து, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பாகப் புதுக்கடையிலும் வைத்தோம். செய்தி அனுப்பாமல், அவளுடைய அம்மாவுக்கே போன் செய்தேன். "கடைய மூடிட்டீங்கன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாங்களே, எங்க அட்வான்ஸ் என்னாகும் அக்கா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். தேதிகளை வாசித்துக் காட்டி, புது முகவரியுள்ள ரசீதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்திருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் நானே போன் செய்தேன்; பணம் கொடுத்தவர்களுக்கு அந்த வதந்தி நம் வாயிலிருந்து மறுக்கப்பட வேண்டும்.

டைரியில் இல்லாதவர்கள்தான் மிஞ்சினார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கி, துணிக்கடைக்குப் போகும் வழியில் படியேறி ஐப்ரோ செய்துகொண்டு போகிறவர்களிடம் பெரும்பாலும் எண்ணே வாங்கியதில்லை. கடைசி இரண்டு மாதம் அவர்களிடம் எண் கேட்டு ஒரு நோட்டில் எழுதினோம். கொடுக்க விரும்பாதவரை வற்புறுத்தவில்லை. பழைய படிக்கட்டின் கீழே இருந்த தையல்காரரிடமும் பூக்கார அம்மாவிடமும் முகவரி அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுத்துவைத்தோம். உரிமையாளர் இடிப்பு தொடங்கும்வரை எங்கள் பலகையை அம்புக்குறியோடு விட்டுவைக்க ஒப்புக்கொண்டார். ஆவணி முடிந்ததும் டைரியைப் புரட்டி, வர வேண்டிய தேதி கடந்தும் வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். சாயத்துக்கும் ஃபேஷியலுக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பினார்கள். ஐப்ரோவுக்கு மட்டும் பஸ்ஸிறங்கி வந்தவர்களில் பாதிக்குமேல் வரவில்லை. அந்தச் சிறு வேலைக்காக அவ்வளவு தூரம் நடக்க யாருக்கும் நேரமில்லை என்பது நியாயம்தான். புதுக்கடையின் கணக்கை இப்போது அவர்கள் இல்லாமலேயே போட்டுவருகிறோம்.